ஏசி கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டிரிப்பர் விழுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தம்பிக்கு, மாடி ரூம் ஏசி ஒன்றரை டன், வாங்கி ஒன்பது வருஷம். போட்டதும் உள்ளே காத்து வருது. மூணு நிமிஷம் கழிச்சு வெளிப்பெட்டி 'ங்ங்ங்'னு உறுமுது, ஆறேழு எண்றதுக்குள்ள டிரிப்பர் விழுந்துடுது. காலையில சில நாள் ஓடுது, ராத்திரியில ஓடவே மாட்டேங்குது. ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் நல்லா இருக்கு. நான் நெய்வேலிக்கு மக வீட்டுக்குப் போறேன். சாவி எதிர் வீட்ல. டிரிப்பரைப் பெருசா மாத்திடுப்பா."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டு இது. பல வருஷமாக வயரிங், ஏசி வேலை பார்க்கிறேன். இவ்வளவு உருப்படியான சீட்டு எனக்கு வந்ததில்லை. கடைசி வரியைத் தவிர. அந்தக் கடைசி வரியைத்தான் திருப்பாப்புலியூரிலிருந்து பாகூர் வரைக்கும் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். அதையும், அதைச் சுற்றி வரும் மற்றச் சந்தேகங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். டிரிப்பர் என்று நான் சொல்வது எம்சிபியை. நம் ஊரில் அதற்கு அதுதான் பெயர்.

ஏசி ஆன் பண்ணினா உடனே விழல, கொஞ்ச நேரம் கழிச்சுதான் விழுது. அப்ப ஏசி மேல தப்பு இல்லதானே?

அந்தக் கொஞ்ச நேரம்தான் முதல் துப்பு. ரிமோட்டை அமுக்கியதும் உள்ளே இருக்கும் ஃபேன் மட்டும் சுற்ற ஆரம்பிக்கும். பெரும்பாலான ஏசிகளில் கம்ப்ரசர் உடனே கிளம்பாது, சுமார் மூன்று நிமிஷம் காத்திருக்கும். அதுவரை ஏசி எடுக்கும் கரண்ட் ஒரு சீலிங் ஃபேன் எடுக்கிற அளவுதான்.

அந்த மூன்று நிமிஷம் கழித்து வெளிப்பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, அதோடு டிரிப்பர் விழுந்தால், உள் யூனிட்டைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கோளாறு கம்ப்ரசரிலோ, அதைக் கிளப்பும் சாமான்களிலோ, அங்கே போகும் லைனிலோ இருக்கிறது.

ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏழு எட்டு ஆம்பியர்தான்னு சொல்றாங்க. பதினாறு ஆம்பியர் டிரிப்பர் எப்படி விழும்?

நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பழைய மாடல், அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஒன்றரை டன் ஏசி என்றால் நாற்பது ஆம்பியர் பக்கம் வரும். பாரவண்டியை நகர்த்தும்போது முதல் தள்ளுதான் கஷ்டம். உருள ஆரம்பித்துவிட்டால் ஒரு கை போதும். நல்ல கம்ப்ரசரில் இந்த முதல் தள்ளு ஒரு வினாடிகூட நீடிக்காது.

டிரிப்பருக்கும் இது தெரியும். அதற்குள் இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள். ஒன்று காந்தம்: ஷார்ட் போல மிகப் பெரிய கரண்ட் வந்தால் கண் இமைக்கும் முன் தட்டிவிடும். இன்னொன்று சூட்டில் வளையும் உலோகப் பட்டை: கரண்ட் அளவுக்கு மேல் இருந்தால், எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் வளைந்து தட்டும். சி-16 என்று போட்ட டிரிப்பரில் காந்தம் 80 ஆம்பியருக்குக் கீழ் அசையக் கூடாது. ஆகவே ஒரு வினாடி நாற்பது ஆம்பியர் ஓடிப்போனால் இரண்டு பேருமே கண்டுகொள்ள மாட்டார்கள். விழுகிறது என்றால், கரண்ட் நாற்பதைவிட ரொம்பவே அதிகம், அல்லது நாற்பது வந்தது இறங்கவே இல்லை.

ஃபோன் பண்ணா முதல்ல "எத்தனை செகண்டுல விழுது"ன்னே கேக்கறீங்களே, அதுல என்ன இருக்கு?

மேலே சொன்ன இரண்டு காவலாளிகளில் யார் தட்டினார் என்பது அதில்தான் தெரியும். கம்ப்ரசர் 'டக்' என்றதும் அதே நொடியில் 'பட்' என்று விழுந்தால் காந்தம். அப்படியென்றால் கம்ப்ரசர் காயில் ஷார்ட், வயர் எங்கோ நசுங்கி உரசுகிறது, அல்லது யாரோ தவறான டிரிப்பர் போட்டிருக்கிறார்கள். லைட்டு லைனுக்குப் போடும் பி வகையில் 16 போட்டிருந்தால் காந்தம் 48 ஆம்பியரிலேயே அசையலாம். நல்ல ஏசியின் முதல் இழுப்புக்கே அது சில சமயம் விழும். டிரிப்பரின் முகத்தில் எண்ணுக்கு முன்னால் பி எழுத்தா சி எழுத்தா என்று பார்த்துச் சொன்னால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

உறுமிக்கொண்டே நாலைந்து வினாடியோ பத்து வினாடியோ போய் விழுந்தால் அது சூட்டுப் பட்டை. கம்ப்ரசர் கிளம்ப முயன்று முடியாமல் நிற்கிறது, முதல் தள்ளின் கரண்ட் அப்படியே நீடிக்கிறது. டீச்சரம்மா எழுதியது இதைத்தான். அவர் கடிகாரம் பார்க்கவில்லை, "ஆறேழு எண்றதுக்குள்ள" என்று எழுதினார். அது போதும்.

மூன்றாவதாக, கம்ப்ரசர் நன்றாகக் கிளம்பி, ரூமும் குளிர்ந்து, இருபது நிமிஷம் அரைமணி கழித்து விழுவது. அது இந்தப் பக்கத்தின் விஷயமே இல்லை. பெரும்பாலும் டிரிப்பரின் ஸ்க்ரூ லூசாகி, அந்த இடம் சூடேறி, அந்தச் சூட்டிலேயே பட்டை வளைகிறது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், கருகல் வாடை வரும். அந்த வாடை வந்தால் எனக்காகக் காத்திருக்காமல் மெயினை நிறுத்திவிடுங்கள்.

சரி, டீச்சரம்மா வீட்டில் என்னதான் இருந்தது?

சாவி வாங்கிப் போனபோது சாயங்காலம் ஏழு மணி. ராத்திரியில் ஓடவில்லை என்று எழுதியிருந்ததால் வேண்டுமென்றே அந்த நேரத்துக்குப் போனேன். டிரிப்பர் சி-16, நல்ல கம்பெனி, ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. வயர் இரண்டரை சதுர மில்லிமீட்டர் காப்பர். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை ஃபேஸ் வயரில் மட்டும் மாட்டிவிட்டு ஏசியைப் போட்டேன். மூன்று நிமிஷம். 'டக்'. மீட்டர் 41-க்கு ஏறியது, அங்கேயே நின்றது. வோல்டேஜ் 212-லிருந்து 198-க்கு இறங்கியது. உறுமல். ஏழாவது வினாடி டிரிப்பர் விழுந்தது. 41 என்பது 16-இன் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அந்த அளவு கரண்டில் ஒரு வினாடிக்கு மேல், ஒரு நிமிஷத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் எம்சிபிக்கான விதி. ஆக டிரிப்பர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

கரண்ட் 41-க்கு மேல் போகவில்லை என்பதால் ஷார்ட் இல்லை. கிளம்ப முடியாமல் நிற்கிறது என்பது உறுதி. வெளிப்பெட்டியைத் திறந்து கெபாசிட்டரைக் கழற்றி, சார்ஜை இறக்கி, அளந்தேன். மேலே 45 மைக்ரோஃபாரட், ஐந்து சதவீதம் கூடக் குறைய, என்று அச்சிட்டிருந்தது. மீட்டரில் 26. பார்வைக்கு அது உப்பவில்லை, ஒழுகவில்லை, புதுசு மாதிரிதான் இருந்தது. அதனால்தான் கண்ணால் பார்த்து "கெபாசிட்டர் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

இந்தக் கெபாசிட்டர்தான் கம்ப்ரசரின் இரண்டாவது காயிலுக்குக் கரண்டைக் கொஞ்சம் முன்தள்ளிக் கொடுத்து, மோட்டாரை ஒரு திசையில் திருப்பிவிடுவது. அது பாதியாகிவிட்டால் திருப்பும் பலமும் குறையும். புது 45 போட்டதும் மீட்டர் ஒரு துள்ளு துள்ளி, ஒரு வினாடிக்குள் 7.4-க்கு வந்து நின்றது. டிரிப்பரை மாற்றவில்லை. ஊரிலிருந்து வந்ததும் டீச்சரம்மா கேட்ட முதல் கேள்வி, "அதே பதினாறுதானே இருக்கு, நான் சொன்னதைச் செய்யலையா?"

அவங்க சொன்னபடி 25 இல்ல 32 போட்டிருந்தா விழுந்திருக்காதே?

விழுந்திருக்காது. ஏசியும் ஓடியிருக்காது. கம்ப்ரசருக்கென்று தனியாக ஒரு காவல் உண்டு, ஓஎல்பி என்போம். கம்ப்ரசர் தலையிலோ உள்ளேயோ இருக்கும். டிரிப்பர் பெரிதாகிவிட்டால் அதற்கு முன் ஓஎல்பி சூடேறி லைனை வெட்டும். அப்போது வீட்டில் எதுவும் விழாது. வெளிப்பெட்டி பத்து வினாடி உறுமும், 'டிக்' என்று நிற்கும், சில நிமிஷம் ஆறும், மறுபடி உறுமும். உள்ளே வெறும் காற்று வந்துகொண்டே இருக்கும். "கேஸ் தீர்ந்துடுச்சு, ரொப்பணும்" என்று யாராவது சொல்வார்கள், நீங்களும் ரொப்புவீர்கள். ஒவ்வொரு உறுமலுக்கும் காயில் வெந்துகொண்டிருக்கும். சில நூறு ரூபாய் கெபாசிட்டரில் முடிய வேண்டியது கம்ப்ரசரில் முடியும்.

இன்னொன்று, டிரிப்பர் இருப்பது ஏசியைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்ற. பைப்புக்குள் போகும் இரண்டரை வயர் தாராளமாகத் தாங்குவது இருபது ஆம்பியர் பக்கம். அதற்கு முன்னால் 32 போட்டால், வயர் உருகினாலும் டிரிப்பர் சும்மா இருக்கும். நான்கு சதுர மில்லிமீட்டர் வயர் தனி லைனாக இழுத்திருந்தால் சி-20 வரை யோசிக்காமல் போடுவேன். பி-16 இருந்த இடத்தில் சி-16 மாற்றுவதும் தப்பில்லை, ஏனென்றால் வயருக்கான அளவு மாறவில்லை. எண்ணை ஏற்றுவதற்கு முன் வயரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கெபாசிட்டர்தானே, யூடியூப் பாத்து நானே மாத்திடலாமா?

சாமான் வாங்குவது சுலபம். பழையதில் உள்ள மைக்ரோஃபாரட் எண் அப்படியே இருக்க வேண்டும், வோல்ட் 440 அல்லது அதற்கு மேல். ஆனால் மெயினை நிறுத்திய பிறகும் அதற்குள் சார்ஜ் நிற்கலாம். என் உதவிக்கு வந்த பையன் ஒருவன் "ஆஃப்லதானே இருக்கு" என்று கை வைத்து, மாடிச் சுவரில் முதுகு இடித்துக்கொண்டான். நல்லவேளை, சுவர் இருந்தது. நாங்கள் ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொடுவோம். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் தட்டிப் பொறி பறக்க விடுவது சினிமாவுக்குச் சரி.

மூன்று முனை உள்ள கெபாசிட்டர் என்றால் ஒரு முனை கம்ப்ரசருக்கு, ஒன்று வெளிப்பெட்டி ஃபேனுக்கு, ஒன்று பொது. மாற்றி மாட்டினால் ஃபேன் காயில் போகும். என் கருத்து: சீட்டு எழுதுங்கள், மூடியைத் திறக்காதீர்கள்.

காலையில ஓடுது, ராத்திரி எட்டு மணிக்கு மேல போட்டா மட்டும் விழுது. ஏசிக்கு நேரம் தெரியுமா?

வோல்டேஜுக்குத் தெரியும். சித்திரை வைகாசியில் தெருவிலுள்ள எல்லா ஏசியும் ராத்திரிதான் ஓடுகிறது, லைன் இறங்கிவிடும். மோட்டார் திருப்பும் பலம் வோல்டேஜ் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை, அதன் வர்க்கத்துக்குக் குறையும். 230 இருந்த இடத்தில் 190 வந்தால் வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் போயிருக்கிறது, ஆனால் கிளம்பும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டீச்சரம்மா வீட்டுக் கெபாசிட்டர் காலை 225-இல் எப்படியோ சமாளித்து, ராத்திரியில் தோற்றது இதனால்தான்.

கெபாசிட்டரும் சரியாக இருந்து ராத்திரி மட்டும் விழுந்தால், கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். மீட்டர் பெட்டியிலேயே இறங்கினால் மின்வாரியத்தில், புதுச்சேரி என்றால் மின்துறையில், புகார் எழுதுங்கள். ஸ்டெபிலைசரும் வைக்கலாம். மீட்டர் பெட்டியில் 215 இருந்து ஏசி பாக்ஸில் 190 என்றால் வித்தியாசம் உங்கள் சுவருக்குள் இருக்கிறது: மெல்லிய வயர் அல்லது கருகிய ஜாயின்ட். அதற்கு ஸ்டெபிலைசர் வைப்பது புண்ணுக்கு மேல் சட்டை போடுவது மாதிரி.

கரண்ட் போயிட்டு வந்ததும்தான் விழுது, மத்த நேரம் ஒண்ணும் இல்ல.

கம்ப்ரசர் நின்றதும் ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சமமாக மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் கிளப்பினால் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் நல்ல கம்ப்ரசரும் உறுமும். முதல் கேள்வியில் சொன்ன காத்திருப்பு இதற்குத்தான். ஏசி போர்டிலோ ஸ்டெபிலைசரிலோ அந்தத் தாமதம் வேலை செய்யாமல் போயிருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை கரண்ட் போனதும் ஏசி சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். விழுந்த டிரிப்பரை உடனே தூக்கித் தூக்கிப் பார்ப்பதும் இதே தப்புதான்.

மழை பெஞ்சா விழுது. எங்க வீடு தேவனாம்பட்டினத்துல, பீச்சுக்குப் பக்கம்.

முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். டெஸ்ட் என்ற சிறு பட்டன் உள்ள அகலமான ஒன்று இருக்கும், அது ஆர்சிசிபி. அது மட்டும் விழுந்து, ஏசியின் டிரிப்பர் நின்றிருந்தால், மேலே சொன்ன கெபாசிட்டர் கதை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கரண்ட் எங்கோ கசிந்து எர்த்துக்குப் போகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் நடுவிலேயே விழலாம்.

கடலோரத்தில் உப்புக் காற்று வெளிப்பெட்டியின் டெர்மினலைப் பச்சை பூக்க வைக்கும். அந்த உப்பு வெயிலில் காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவு இல்லை, ஈரம் பட்டதும் கரண்டைக் கடத்தும். சுத்தம் செய்து, டெர்மினல் மாற்றி, வயர் மழைநீர் வழிந்து உள்ளே வராதபடி கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றினால் பல வீடுகளில் சரியாகிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் புகுந்த வீடுகளில் தரையில் வைத்திருந்த வெளிப்பெட்டிகளுக்கு இது போதாது. மெகர் என்ற கசிவு பார்க்கும் மீட்டரை வைத்துக் கம்ப்ரசர் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவில் கசிவு பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஆர்சிசிபி விழுகிறதே என்று அதை பைபாஸ் பண்ணச் சொன்னால் நான் பண்ண மாட்டேன். ஈரச் சுவரில் கை வைப்பது உங்கள் வீட்டுக் குழந்தை.

எங்களுது இன்வெர்ட்டர் ஏசி. அதுக்கும் இதே கெபாசிட்டரா?

இல்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகக் கிளம்பி வேகம் எடுக்கும், முதல் தள்ளு என்ற பெரிய இழுப்பே அதில் இல்லை. ஆகவே அதில் எம்சிபி விழுந்தால் இயல்பான காரணம் எதுவும் கிடையாது. வெளிப்பெட்டி போர்டில் ஏதோ ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு, மறுபடி தூக்காமல் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். டிஸ்ப்ளேயில் எண் ஏதாவது வந்தால் அதைக் குறித்து வையுங்கள்.

கெபாசிட்டர் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆச்சு, திரும்பவும் உறுமி விழுது. ஏமாத்திட்டாங்களா?

மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். எண் இறங்கியிருந்தால் மட்டமான கெபாசிட்டர், அல்லது வெளிப்பெட்டி மேற்கு வெயிலில், தூசி அடைத்து, வெந்துகொண்டிருக்கிறது. வெளிப்பெட்டியில் சூட்டை வெளியேற்றும் காயிலைக் கழுவி, நல்ல கெபாசிட்டராக ஒன்று போட்டால் போகும்.

எண் அச்சிட்டபடியே இருந்து, வோல்டேஜும் 215-க்கு மேல் இருந்து, பத்து நிமிஷம் ஆறவிட்ட பிறகும் உறுமினால் பெரும்பாலும் கம்ப்ரசரே உள்ளே இறுகிவிட்டது. ஹார்ட் ஸ்டார்ட் கிட் என்று ஒன்று உண்டு. கிளம்பும் நொடியில் மட்டும் கூடுதல் கெபாசிட்டரைச் சேர்த்து ஒரு முட்டு முட்டிவிடும். சில கம்ப்ரசர் அதில் இன்னும் ஒரு கோடையைத் தள்ளும், சில ஒரு வாரத்தில் நின்றுவிடும். எதில் எது என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு வழி இல்லை. அதனால் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் மாட்டுகிறேன். பத்து வருஷம் ஓடிய ஏசி என்றால் புதுக் கம்ப்ரசர் விலையையும் புது ஏசி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.